பழைய கன்ட்ரோலர், புது டிவி: லேக் எங்கே இருந்து வருகிறது?

கேள்வி: "அசல் சூப்பர் நிண்டெண்டோ கன்ட்ரோலர் ரெண்டு இருக்கு. யூஎஸ்பி அடாப்டர் வழியா நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல்ல மாட்டி, 55 இன்ச் டிவில சூப்பர் மாரியோ வேர்ல்டு ஆடுறேன். அமுக்கினதுக்கு அப்புறம்தான் மாரியோ குதிக்கிறான். அடாப்டர்தான் காரணமா? லேக் இல்லாத அடாப்டர் எது?"

புது அடாப்டருக்குக் காசு செலவழிப்பதற்கு முன் டிவியில் படம் பதப்படுத்தும் வேலைகளைக் குறைக்கும் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்கான கம்பி அடாப்டர் சேர்க்கும் தாமதம் சில மில்லி செகண்ட்தான். கேம் மோட் இல்லாத டிவி அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் சேர்த்துவிடும். ஆனால் அடாப்டர் தரும் தாமதத்தின் குணம் வேறு மாதிரியானது. சின்னதாக இருந்தாலும் கை அதை உணரும். அது ஏன் என்று புரிந்துவிட்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் கன்ட்ரோலரிலிருந்து ஆரம்பிக்கலாம். அதற்குள் கணிப்பொறி எதுவும் இல்லை. பட்டன்களின் நிலையைப் பிடித்து வைத்து வரிசையாக வெளியே தள்ளும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் மட்டும்தான். கன்சோல் ஒரு கம்பியில் "இப்போது பிடி" என்று ஒரு துடிப்பு அனுப்பும். அந்தக் கணத்தில் எந்தெந்தப் பட்டன் அமுங்கியிருக்கிறதோ அது பதிவாகும். அப்புறம் இன்னொரு கம்பியில் கன்சோல் பதினாறு முறை தட்ட, ஒரு தட்டுக்கு ஒரு பிட் வீதம் B, Y, Select, Start, நாலு திசை, A, X, L, R என்று வெளியே வரும். கடைசி நாலு பிட் காலி. இது முழுவதும் முடிய சுமார் 0.2 மில்லி செகண்ட். இந்த வாசிப்பைக் கன்சோல் திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு, ஒரு முறை செய்யும். நொடிக்கு 60 முறை. ஆக கன்ட்ரோலருக்கு என்று தனியாக லேக் கிடையாது. கன்சோல் எப்போது கேட்கிறதோ அப்போது உள்ளதைச் சொல்லும், அவ்வளவுதான்.

அடாப்டர் நடுவில் வந்ததும் ஒரு காத்திருப்பு இரண்டாகிறது. முதலில் அடாப்டரில் இருக்கும் சில்லு கன்சோல் மாதிரி நடித்துக் கன்ட்ரோலரைக் கேட்க வேண்டும். அப்புறம் அந்தச் செய்தியை ஸ்விட்ச்சுக்குக் கொடுக்க வேண்டும். இங்கேதான் யூஎஸ்பியின் சுபாவத்தைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பியில் எந்தச் சாதனமும் தானாக வாய் திறக்காது, மறுமுனை கேட்டால்தான் பதில் சொல்லும். எத்தனை மில்லி செகண்டுக்கு ஒரு முறை கேட்க வேண்டும் என்பதை அடாப்டரே மாட்டும்போது அறிவித்துவிடும். நல்ல அடாப்டர் 1 என்று அறிவிக்கும். சாதாரணமானவை 8 அல்லது 10 என்று அறிவிக்கும். குறைந்த வேக யூஎஸ்பி சில்லு போட்ட மலிவுச் சரக்கு என்றால், விதிப்படியே 10க்குக் கீழே அறிவிக்க முடியாது.

8 மில்லி செகண்ட் இடைவெளி என்றால் ஒவ்வொரு முறையும் 8 மில்லி செகண்ட் தாமதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேட்பதற்குச் சற்று முன் அமுக்கினால் தாமதமே இல்லை, கேட்டு முடித்த அடுத்த கணம் அமுக்கினால் முழு 8. சராசரி 4. ஆனால் அடாப்டர் உள்ளே கன்ட்ரோலரை எத்தனை முறை படிக்கிறது என்பது இதில் சேரவில்லை. சில அடாப்டர்கள் பழைய கன்சோலைப் போலவே 16 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் படிக்கும். அதற்குச் சராசரி 8, யூஎஸ்பிக்கு 4, மொத்தம் 12. மோசமான நேரத்தில் 24. பெட்டியின் மேல் 125 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 125 முறை, என்று போட்டிருப்பது யூஎஸ்பி பக்கத்துக் கணக்கு மட்டும். உள் பக்கத்துக் கணக்கை யாரும் அச்சடிப்பதில்லை. அடாப்டரின் சில்லுக்குள் ஓடும் நிரலான ஃபெர்ம்வேர் நன்றாக எழுதப்பட்டிருந்தால், யூஎஸ்பி கேட்கப்போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் கன்ட்ரோலரைப் படித்து வைத்துக்கொள்ளும். அதனால் முதல் காத்திருப்பு கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். சூப்பர் நிண்டெண்டோ கன்ட்ரோலருக்கு 0.2 மில்லி செகண்ட் போதும் என்பதால் இதைச் செய்வதில் கஷ்டமே இல்லை.

எல்லாக் கன்ட்ரோலரும் இவ்வளவு சாது அல்ல. சேகா மெகா டிரைவ் கன்சோலின் ஆறு பட்டன் கன்ட்ரோலருக்குள் தட்டுகளை எண்ணும் எண்ணி ஒன்று இருக்கிறது. ஒரே கம்பியைப் பலமுறை மாற்றித் தட்டினால்தான் X, Y, Z பட்டன்கள் வெளியே வரும். தட்டுவதை நிறுத்தி சுமார் 1.5 மில்லி செகண்ட் ஆனால்தான் அந்த எண்ணி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அதற்கு முன் அடுத்த வாசிப்பைத் தொடங்கினால் பட்டன்கள் குழம்பிவிடும். அந்தக் கன்ட்ரோலருக்கு 1000 ஹெர்ட்ஸ் என்று யாராவது விளம்பரம் செய்தால், அது யூஎஸ்பி பக்கத்தை மட்டும் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சில மில்லி செகண்டின் குணத்துக்கு வருவோம். விளையாட்டு உங்கள் பட்டனை ஒரு ஃப்ரேமுக்கு ஒரு முறைதான் பார்க்கிறது, அதாவது 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. அடாப்டர் 4 மில்லி செகண்ட் சேர்த்தால் மாரியோ 4 மில்லி செகண்ட் தாமதமாகக் குதிப்பதில்லை, அப்படி ஒரு வழியே இல்லை. ஒன்று அதே ஃப்ரேமில் குதிப்பான், இல்லாவிட்டால் முழுசாக ஒரு ஃப்ரேம் தள்ளிக் குதிப்பான். 4ஐ 16.7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 24 சதவீதம். நூறு முறை அமுக்கினால் ஏறத்தாழ 76 முறை எந்த வித்தியாசமும் இல்லை, 24 முறை ஒரு ஃப்ரேம் பின்னால். அரை மில்லி செகண்ட் சேர்க்கும் நல்ல அடாப்டரில் இது நூறுக்கு மூன்று. மேலே சொன்ன 12 மில்லி செகண்ட் அடாப்டரில் நூறுக்கு எழுபதைத் தாண்டும்.

எப்போதும் ஒரே அளவு தாமதம் என்றால் கை பழகிவிடும், பத்து நிமிடத்தில் நீங்களே சற்று முன்னதாக அமுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். நாலில் ஒரு முறை மட்டும் தாமதம் என்றால் எதற்குப் பழகுவது? அடாப்டர் போட்டால் "ஏதோ சரியில்லை" என்று தோன்றுவதும், எண்ணைப் பார்த்தால் சின்னதாக இருப்பதும் இதனால்தான். இப்படிச் சொல்பவர்களைக் கற்பனை என்று தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம் உங்கள் கேள்வியில் "அமுக்கினதுக்கு அப்புறம்தான்" என்று ஒவ்வொரு முறையும் நடப்பதாகச் சொல்கிறீர்கள். அது அடாப்டரின் அடையாளம் இல்லை. ஒவ்வொரு குதிப்பும் ஒரே மாதிரி இழுக்கிறது என்றால் டிவி, சில குதிப்புகள் மட்டும் நழுவுகின்றன என்றால் அடாப்டர் அல்லது கன்ட்ரோலரின் ரப்பர். முதல் சந்தேகத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

சந்தேகத்தை உறுதி செய்ய அளந்துவிடுங்கள், பெரிய கருவி வேண்டாம். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி உள்ள கைபேசி போதும். ஒரு படத்துக்கு 4.2 மில்லி செகண்ட். கட்டைவிரலும் டிவித் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி கைபேசியை நிறுத்தி, மாரியோவை ஒரே இடத்தில் நிற்க வைத்து B பட்டனைத் தட்டுங்கள். பட்டன் அடியில் போய் நின்ற படத்திலிருந்து மாரியோவின் உருவம் மாறும் படம் வரை எண்ணுங்கள். ஒரே ஒரு குதிப்பை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஃப்ரேமின் எந்த இடத்தில் அமுக்கினீர்கள் என்பதைப் பொறுத்தே நாலு படம் வரை ஆடும். இருபது குதிப்பையாவது எடுத்துச் சராசரி பாருங்கள். திரை மேலிருந்து கீழாக வரையப்படுவதால் மாரியோ எப்போதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

இதை மூன்று விதமாகச் செய்யுங்கள்: ஸ்விட்ச்சின் சொந்த ப்ரோ கன்ட்ரோலரைக் கேபிளில் மாட்டி ஒரு முறை, அடாப்டரோடு ஒரு முறை, அடாப்டரோடு டிவியின் கேம் மோடை அணைத்து ஒரு முறை. முதல் இரண்டும் கேம் மோடில் இருக்கட்டும். உதாரணத்துக்கு, ப்ரோ கன்ட்ரோலருக்குச் சராசரி 30 படம், அடாப்டருக்கு 31 படம், கேம் மோட் அணைத்தால் 48 படம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடாப்டர் ப்ரோ கன்ட்ரோலரை விட 4 மில்லி செகண்ட் அதிகம், டிவி 71 மில்லி செகண்ட் அதிகம். எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. இந்த 4 என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே, ப்ரோ கன்ட்ரோலருக்கும் தனக்கென்று கொஞ்சம் தாமதம் உண்டு.

டிவி, விளையாட்டு எல்லாவற்றையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டு அடாப்டரை மட்டும் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் ஆடும் சண்டை விளையாட்டு ஒன்றைத் திறந்து, முதல் ஆளுக்கு ப்ரோ கன்ட்ரோலர், இரண்டாம் ஆளுக்கு அடாப்டர் கன்ட்ரோலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் முகத்துக்கு முகம் பிடித்து, ஒன்றின் பட்டன் மற்றதன் பட்டன் மேல் உட்காரும்படி அழுத்துங்கள். உங்களுடையது அமெரிக்க மாடலாக இருந்தால் A, B பட்டன்களைப் பயன்படுத்துங்கள். அதில் X, Y நடுவில் குழிந்திருக்கும், சரியாக உட்காராது. ஜப்பான் மாடலில் நாலுமே மேடுதான். இரண்டு ஆட்களும் ஒரே ஃப்ரேமில் குத்துகிறார்களா, ஒருவர் பிந்துகிறாரா என்பதை ஸ்லோ மோஷனில் பாருங்கள். அப்புறம் கன்ட்ரோலர்களைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து மறுபடியும் செய்யுங்கள். ரப்பர் எது இளகியதோ அது முன்னால் தொட்டுவிடும் என்பதால் இது துல்லியமான முறை அல்ல. ஆனால் நாலில் மூன்று முறை அடாப்டர்காரன் பிந்துகிறான் என்றால் அதை மாற்ற வேண்டியதுதான்.

டிவி பக்கம் வருவோம். படத்தை வழுவழுப்பாக்கும் அமைப்பு இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே ஒரு பொய் ஃப்ரேம் வரைகிறது. அதை வரைய அடுத்த ஃப்ரேம் கையில் வந்திருக்க வேண்டும், ஆகவே குறைந்தது ஒரு ஃப்ரேமாவது பிடித்து வைத்தே ஆக வேண்டும். அதன் மேல் இரைச்சல் நீக்கம், கூர்மை, வண்ணத் திருத்தம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கேம் மோடில் இவை பெரும்பாலும் அணைந்து 10 முதல் 20 மில்லி செகண்டுக்குள் நிற்கும் டிவி, சினிமா மோடில் 100ஐத் தொடுவது சாதாரணம். கன்சோல் மாட்டினால் தானாக மாறிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள், எந்த ஹெச்டிஎம்ஐ துளையில் மாட்டியிருக்கிறீர்களோ அதற்கு நீங்களே போட்டுவிடுங்கள். சில டிவிகளில் அந்தத் துளையின் பெயரை PC என்று மாற்றினாலும் இதே பலன் கிடைக்கும். மலிவு டிவிகள் சிலவற்றில் Game என்ற பெயர் வண்ணத்தை மட்டும் மாற்றும், தாமதம் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் அதே ஸ்லோ மோஷன் எண்ணிக்கைதான் வழி. ப்ளூடூத் சவுண்ட்பார் இருந்தால் சோதனை முடியும் வரை கழற்றி வையுங்கள். குதிக்கும் சத்தம் பிந்தி வந்தால் படம் சரியாக இருந்தாலும் கை ஏமாந்துவிடும்.

எவ்வளவு குறைத்தாலும் பூஜ்யத்துக்கு வராது. சூப்பர் மாரியோ வேர்ல்டு, பட்டனைப் படித்த பிறகு தன் கணக்கை முடித்துத் திரையில் காட்ட உள்ளுக்குள்ளேயே இரண்டு ஃப்ரேம் எடுத்துக்கொள்கிறது, அது 33 மில்லி செகண்ட். நீங்கள் ஃப்ரேமின் நடுவில் அமுக்கியதற்குச் சராசரி 8, திரையின் நடுப்பகுதி வரை வரைய இன்னொரு 8. அசல் கன்சோலைப் பழைய குண்டு டிவியில் மாட்டினாலும் சுமார் 50 மில்லி செகண்ட். ஸ்விட்ச்சில் ஓடுவது பழைய கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் என்பதால் அதற்கு மேலும் சற்றுக் கூடும். ஆகவே 80, 90 என்று அளவு வந்தால் துரத்திக்கொண்டு போக வேண்டாம். விளையாட்டின் உள் தாமதத்தை நீங்களே பார்க்க ஆசையிருந்தால், கணிப்பொறியில் ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டரில் விளையாட்டை P விசையால் நிறுத்தி, குதிக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே K விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃப்ரேம் நகரும், மாரியோ எத்தனையாவது தட்டில் அசைகிறான் என்பது கண்ணெதிரே தெரியும்.

சரி, அடாப்டர். கம்பி அடாப்டரையே வாங்குங்கள். ப்ளூடூத் அடாப்டரில் வானலை வழியே ஒரு காத்திருப்பு கூடுகிறது, நெரிசலில் செய்தி தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டால் இன்னும் கூடும். சராசரியை விட அந்த ஏற்ற இறக்கம்தான் தொல்லை. ஒரு அடாப்டரின் வாலில் இன்னொரு அடாப்டர் மாட்டுவதும் வேண்டாம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காத்திருப்பு கூடும். கையில் இருக்கும் அடாப்டர் எந்த இடைவெளியை அறிவிக்கிறது என்று லினக்ஸ் கணிப்பொறியிலோ ராஸ்ப்பெரி பையிலோ மாட்டிப் பார்த்துவிடலாம். முதல் கட்டளையில் வரும் அடையாள எண்ணை இரண்டாவதில் 0810:e501 இருக்கும் இடத்தில் போடுங்கள்:

```
lsusb
sudo lsusb -v -d 0810:e501 | grep bInterval
```

அங்கே 1 என்று வந்தால் நல்லது, 8 அல்லது 10 என்றால் மேலே போட்ட 24 சதவீதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பல அடாப்டர்களில் ஸ்விட்ச்சுக்கு ஒரு மோட், கணிப்பொறிக்கு ஒரு மோட் என்று தனித்தனியாக இருக்கும். ஸ்விட்ச் மோடில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் உதாரணத்தில் போட்டிருக்கும் எண் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சூப்பர் நிண்டெண்டோ வடிவத்தில் வார்த்த மலிவு யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றுடையது. அது குறைந்த வேக சாதனம், ஸ்விட்ச்சில் நேரடியாக வேலையும் செய்யாது. ராஸ்ப்பெரி பையில் ஆடுபவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: கர்னல் வரியில் `usbhid.jspoll=1` சேர்த்தால், அடாப்டர் 8 என்று சொன்னாலும் முழு வேக சாதனத்தை 1 மில்லி செகண்டுக்கு ஒரு முறை கேட்கவைக்கலாம். ஸ்விட்ச்சில் அப்படி எதுவும் செய்ய வழியில்லை, அடாப்டர் அறிவித்ததுதான். சாலிடரிங் தெரிந்தவர் என்றால், அர்டுயினோ ப்ரோ மைக்ரோ பலகையில் டேமன்பைட் என்ற இலவச ஃபெர்ம்வேர் ஏற்றிக் கணிப்பொறிக்கான அடாப்டரை நீங்களே செய்துகொள்ளலாம், 1 மில்லி செகண்ட் கிடைக்கும்.

ஸ்விட்ச்சில் அமைப்புகளுக்குள் Controllers and Sensors பகுதியில் Pro Controller Wired Communication என்பதை இயக்கி வையுங்கள், சில அடாப்டர்களுக்கு அது தேவை. மற்ற கன்சோல்களில் லேக்குக்கு முன்னால் அனுமதிப் பிரச்சினை வந்துவிடும். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரிடம் அவ்வப்போது மறைகுறி முறையில் அடையாளம் கேட்கும். பதில் சொல்லத் தெரியாத அடாப்டர் எட்டு நிமிடத்தில் துண்டிக்கப்படும். எக்ஸ்பாக்ஸ் 2023 நவம்பரிலிருந்து அங்கீகாரமில்லாத உபகரணங்களைத் தடுக்கிறது.

நம் ஊரில் டிவி கேம் என்று விற்ற பெட்டிகளின் ஒன்பது ஊசி கன்ட்ரோலர் வீட்டில் கிடந்தால் அதை மெகா டிரைவ் அடாப்டரில் செருகிப் பார்க்க வேண்டாம். துளை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பி வரிசை வேறு. மின்சாரம் தவறான ஊசிக்குப் போனால் கன்ட்ரோலரோ அடாப்டரோ போய்விடும்.

கடைசியாக, எந்த அடாப்டரைப் போட்டாலும் சில குதிப்புகள் நழுவினால் கன்ட்ரோலரைத் திறந்து பாருங்கள். உங்களுடையதற்கு முப்பது வயது ஆகியிருக்கும். பட்டனுக்கு அடியிலுள்ள ரப்பர் குமிழின் நுனியில் ஒரு கரி வட்டு இருக்கிறது, அது பலகையைத் தொட்டால்தான் இணைப்பு. தேய்ந்தோ அழுக்கேறியோ இருந்தால் பட்டன் அடிவரை போய் இன்னும் சற்று அழுத்தினால்தான் தொடும், அந்த இடைவெளியை நீங்கள் லேக் என்று நினைப்பீர்கள். ஸ்விட்ச்சிலேயே Test Input Devices என்ற இடத்தில் பட்டன் சோதனை இருக்கிறது. அதைத் திறந்து ஒவ்வொரு பட்டனையும் மெதுவாக அமுக்கிக்கொண்டே போங்கள். நன்றாக இருக்கும் பட்டன், விரலுக்குள் குமிழ் "டப்" என்று மடங்கி அடியைத் தொட்டவுடன் திரையில் காட்டும். மடங்கிய பிறகும் காட்டாமல் கூடுதல் அழுத்தம் கேட்கிறது என்றால், பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, பலகையையும் கரி வட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கரி வட்டை அழுத்தித் தேய்க்காதீர்கள், கரி உதிர்ந்துவிடும். B பட்டனைத்தான் முதலில் பாருங்கள், மாரியோ ஆடியவர்கள் கையில் அதிகம் தேய்ந்திருப்பது அதுதான்.